ஒரு லட்சத்துக்கு 82 ரூபாய்

நேயர்களுக்கு வணக்கம். பங்குச் சந்தையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். எந்தப் பங்கு ஏறும் என்று கேட்டால் கையை விரிப்பேன்.

போன வருஷம் வரிக் கணக்குக்காக ஒரு தம்பி வந்தார். தினமும் காலையில் வாங்கி, சாயங்காலத்துக்குள் விற்கிற இன்ட்ராடே வியாபாரம். "சார், ஒரு மாசத்துல 60 தடவை பண்ணினேன். பாதிக்கு மேல ஜெயிச்சேன். ஆனா கையில காசு குறையுதே?" என்றார்.

வாங்கியது, விற்றது, பிடித்த கட்டணம் எல்லாம் எழுதி புரோக்கர் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பலர் திறப்பதே இல்லை. இவரும் திறக்கவில்லை. உட்கார்ந்து பார்த்தோம். கைக்காசு 20,000; புரோக்கர் தரும் ஐந்து மடங்கு வசதியில் ஒவ்வொரு முறையும் ஒரு லட்சத்துக்கு வாங்குகிறார். வாங்கிய விலைக்கே விற்றாலும் என்ன செலவு தெரியுமா? புரோக்கரேஜ் வாங்க 20, விற்க 20. பங்கு விற்பனைக்கு அரசு பிடிக்கும் எஸ்டிடி வரி 25. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 6, முத்திரைத் தீர்வை 3, ஜிஎஸ்டி 8. கூட்டுங்கள், 82 ரூபாய். அறுபது தடவைக்கு 4,920.

மறுபடி சொல்கிறேன்: கைக்காசு 20,000, மாதச் செலவு 4,920. போட்ட முதலில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடுகிறது. அந்த மாதம் அவர் வியாபாரத்தில் சம்பாதித்தது 1,800. ஆக, 3,120 நட்டம். "அப்போ நான் ஜெயிச்சது?" என்று கேட்டார். பாவம், என்ன சொல்ல?

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி பார்த்த கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2022-23இல் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் நட்டம். வருஷத்துக்கு 500 தடவைக்கு மேல் செய்தவர்களில் 8 பேர். கூடக் கூட அடி.

இன்னொன்று. ஒரே நாளில் கம்பெனி புதிதாக என்ன சம்பாதித்துவிடும்? உங்களுக்கு வரும் லாபம் பெரும்பாலும் இன்னொருவர் பையிலிருந்து வர வேண்டும். நடுவில் கட்டணம் கழிகிறது. விலை இறங்கினால் காத்திருக்கவும் வழியில்லை. மூன்றே கால் மணிவாக்கில் புரோக்கரே விற்று முடித்துவிடுவார்.

நீண்ட காலம் வைத்திருப்பவருக்குச் செலவு வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது ஒரு தடவை. நடுவில் கம்பெனி சம்பாதிக்கிறது, டிவிடெண்ட் தருகிறது... நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: அதுவும் சுகமான பயணம் இல்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 9,000க்குக் கீழே போனது. பழைய இடத்துக்குத் திரும்ப 2010 நவம்பர் ஆனது. அத்தனை நாள் தொடாமல் இருக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். ஒரே கம்பெனியில் போட்டிருந்தால் திரும்பாமலும் போகலாம். வரி விஷயத்தை இன்னொரு நாள் பேசுகிறேன். வணக்கம்.