ஜெர்மன் வாக்கியத்தில் வினையின் இருப்பிடம்

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மன் மொழியில் துணைவாக்கியம் வந்தால் வினைச்சொல் கடைசிக்குத் தாவிவிடும் என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். மொழியியலாளர் பலர் 1960களிலிருந்து முன்வைத்துவரும் விளக்கம் இதற்கு நேர்மாறானது: ஜெர்மன் வினைக்கும், தமிழ் வினையைப் போலவே, சொந்த இடம் கடைசிதான், முதன்மை வாக்கியத்தில்தான் அது முன்னே தாவுகிறது.

'ஆன்ரூஃபன்' என்றால் தொலைபேசியில் அழைத்தல். 'அவர் என்னை நாளை அழைக்கிறார்' என்பது 'ஏர் ரூஃப்ட் மிஹ் மோர்கன் ஆன்' என்றாகும். 'ரூஃப்ட்' மட்டும் இரண்டாம் இடத்துக்குப் போய்விட, 'ஆன்' பழைய இடத்திலேயே தனித்து நிற்கிறது. 'ஏனெனில்' என்ற பொருளுடைய 'வைல்' முன்னால் வந்துவிட்டால், 'வைல் ஏர் மிஹ் மோர்கன் ஆன்ரூஃப்ட்' என்று இரண்டும் மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. வினை தாவிச்சென்று உட்காரும் நாற்காலியில் 'வைல்' முந்திக்கொண்டு அமர்ந்துவிட்டதால், வினை வீட்டிலேயே தங்கிவிட்டது.

அந்த நாற்காலி ஒன்றுதான் என்பதற்கு நல்ல சான்று உண்டு. 'அவர் நாளை வருவார் என்று நம்புகிறேன்' என்பதை, நம் 'என்று' போன்ற 'டாஸ்' என்னும் சொல்லுடன் 'இஹ் க்ளௌபெ, டாஸ் ஏர் மோர்கன் கொம்ட்' எனலாம். 'டாஸ்' விடுபட்டால் இடம் காலியாகிறது. உடனே வினை முன்னேறி, 'இஹ் க்ளௌபெ, ஏர் கொம்ட் மோர்கன்' என்றாகிவிடுகிறது.

இனி ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். 'ரயில் இன்று ஓடாததால் நான் வீட்டில் இருக்கிறேன்.' நமது 'ஆல்' வினையின் வாலில் ஒட்டுகிறது. ஜெர்மன் அதைத் தலையில் வைக்கிறது. ஆகவே முதலில் 'வைல்', அடுத்து எழுவாயாகிய 'டெர் ட்சூக்', பிறகு 'இன்று' என்னும் 'ஹொய்டெ', எதிர்மறையாகிய 'நிஹ்ட்', கடைசியில் வினையாகிய 'ஃபேர்ட்'. இந்தத் துணைவாக்கியம் முழுவதும் முதலிடத்தை நிரப்பிவிடுவதால், முதன்மை வாக்கியத்தின் வினை அடுத்தபடியாக உடனே வர வேண்டும்: 'வைல் டெர் ட்சூக் ஹொய்டெ நிஹ்ட் ஃபேர்ட், ப்ளைபெ இஹ் ட்சு ஹௌஸெ.' காற்புள்ளியின் இருபுறமும் இரு வினைகள் முட்டிக்கொண்டு நின்றால் வாக்கியம் சரி. நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 'இஹ் ப்ளைபெ' என்று எழுவாயை முன்னே வைத்துவிடுகிறார்கள்.

கூட்டுவினையில் தமிழர்க்கு ஓர் ஆதாயம் உண்டு. 'படித்திருக்கிறார்' என்பதில் படித்தல் முன்னும் துணைவினை பின்னும் வருவதுபோலவே, துணைவாக்கியத்தில் 'கெலேஸன் ஹாட்' என்று வரும்.

'டென்' என்ற சொல்லுக்கும் 'ஏனெனில்' என்றுதான் பொருள். ஆனால் அது இரு முதன்மை வாக்கியங்களை வெளியிலிருந்து இணைப்பதால் நாற்காலியில் அமர்வதில்லை. வினை இரண்டாம் இடத்திலேயே இருக்கும். ஜெர்மானியர்கள் பேச்சில் 'வைல்' என்று சொல்லிச் சற்று நிறுத்திவிட்டு, அதையும் 'டென்' போலவே நடத்துவதைக் கேட்கலாம். தேர்வுத்தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் குறையும்.