பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு: பேடை மாற்றிய நேரம் என்ன?

வணக்கம். பிரசவ வார்டில் செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். குழந்தையைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது. அதனால் நான் தாயைப் பற்றி, அதிலும் பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் போகும் இரத்தத்தைப் பற்றிப் பேசுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது? நஞ்சுக்கொடி பிரிந்து வந்த பிறகு, அது ஒட்டியிருந்த இடம் கருப்பையின் உள்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாக இருக்கும். அங்கே இரத்தக் குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். கருப்பை இறுகிச் சுருங்கும்போதுதான் அந்த வாய்கள் நசுங்கி மூடும். சிசேரியனானாலும் இந்தப் புண் உண்டு. "எனக்கு ஆபரேஷன்தானே, எனக்கெதற்கு இரத்தம் போகிறது?" என்று கேட்காத அம்மாக்கள் குறைவு. குழந்தை எந்த வழியாக வந்தாலும் நஞ்சுக்கொடி இருந்த இடம் ஒன்றுதான்.

முதல் மூன்று, நான்கு நாட்களுக்கு நல்ல சிவப்பாக, மாதவிடாயைவிடக் கூடுதலாகப் போகும். சின்னச் சின்னக் கட்டிகளும் வரலாம். அப்புறம் இளஞ்சிவப்பு, பழுப்பு என்று நிறம் மாறும், அளவும் குறையும். பத்து, பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு மஞ்சள் கலந்த வெள்ளையாகி, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆனால் ஒரே சீராகக் குறையாது. காலையில் எழுந்து நின்றதும் குபுக்கென்று கொஞ்சம் வரும். இரவெல்லாம் படுத்திருந்தபோது உள்ளே தேங்கியது அது. பால் கொடுக்கும்போதும் வரும், அடிவயிறும் இழுத்துப் பிடிக்கும். பாலூட்டும்போது கருப்பை சுருங்குவதால் வருவது, அது நல்லதுதான். நாளெல்லாம் நின்று வேலை செய்தாலும் பழுப்பு மறுபடி சிவப்பாகும். அப்படியானால் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். சில மணி நேரத்தில் குறைந்துவிட்டால் பயமில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில், குறைந்துகொண்டிருந்த இரத்தம் திடீரென்று சிவப்பாகக் கொஞ்சம் கூடும். முழங்காலில் அடிபட்டால் பொருக்கு உதிரும்போது லேசாகக் கசிகிறதே, அதுபோல உள்ளே இருக்கும் அந்தப் புண்ணிலும் பொருக்கு உதிர்கிறது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும்.

சரி, இது பொருக்கு உதிர்வதா, ஆபத்தா என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் நான் எல்லோரிடமும் நச்சரிக்கும் விஷயம் வருகிறது. "நிறைய போகுது" என்பது அளவே இல்லை. ஒருவருக்கு நிறைய என்பது இன்னொருவருக்குக் கொஞ்சம். பேடை மாற்றும்போது மணியைப் பாருங்கள். சீட்டில் எழுதுங்கள், போனில் குறியுங்கள், சுவரில்கூடக் கிறுக்குங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரு முழு பேடு ஒரு மணி நேரத்துக்குள் விளிம்பு வரை நனைந்து, அடுத்ததும் அப்படியே நனைந்தால், மூன்றாவதை மாற்றிப் பார்க்கக் காத்திருக்காதீர்கள், கிளம்புங்கள். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி வந்தாலும் கிளம்புங்கள். மயக்கம் வந்தால் பேடு கணக்கே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. இந்த நாட்களில் உள்ளே வைக்கும் கப், டாம்பான் எதுவும் வேண்டாம். தொற்று வரும், போகும் அளவும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாவது சுகப்பிரசவம். பழுப்பாகி, வெளுத்து, கிட்டத்தட்ட நின்றே விட்டது. பதினெட்டாம் நாள் மாலை அவருடைய அம்மா போன் செய்தார். "சிஸ்டர், பொண்ணுக்கு பீரியட்ஸ் திரும்பிடுச்சு போல. கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, அவ்வளவுதான்."

"எத்தனை மணிக்குப் பேடு மாத்துனாங்கம்மா?"

மகள் குறித்து வைத்திருந்தார். 5.10, 5.55, 6.35. மூன்றும் முழுசாக நனைந்தவை. நடுவில் ஒரு பெரிய கட்டி. "படுக்க வெச்சே கூட்டிட்டு வாங்க, நனைஞ்ச பேடை தூக்கிப் போடாதீங்க" என்றேன்.

வந்தபோது இரத்த அழுத்தம் 110/70. வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண், "பிரஷர் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்" என்றாள். நாடியோ 118. இளம் உடம்பு இதயத்தை வேகமாக ஓட்டி, குழாய்களை இறுக்கி, பிரஷரைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். அது விழும்போது நிறைய இரத்தம் போயிருக்கும். அதனால் முதலில் நாடியைப் பாருங்கள். வீட்டில் பிரஷர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான், அதில் நாடியும் காட்டும்.

ஸ்கேனில் நஞ்சுக்கொடித் துண்டு ஒன்று உள்ளே தங்கியிருப்பது தெரிந்தது. அந்தத் துண்டு இருக்கும்வரை கருப்பையால் அந்த இடத்தில் முழுசாக இறுக முடியாது. அது பிய்ந்து விலகும்போது, மூட வேண்டிய குழாய்கள் திறந்துகொள்ளும். அதனால்தான் இரண்டு வாரம் அமைதியாக இருந்துவிட்டு இப்படிக் கொட்டுகிறது. ஸ்கேனை மட்டும் நம்பியும் முடிவு எடுப்பதில்லை. உறைந்த இரத்தக் கட்டியும் ஸ்கேனில் துண்டு மாதிரியே தெரியக்கூடும், போகிற இரத்தத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் தீர்மானிப்பார். இவருக்கு மயக்க மருந்து கொடுத்து அதை உறிஞ்சி எடுத்தார்கள். ஆன்டிபயாடிக், இரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் பேடில் பழுப்புக் கறைதான்.

அந்தப் பெண்ணின் அம்மா போனில் சொன்ன 'பீரியட்ஸ்' விஷயத்துக்கு வருகிறேன். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பால் கொடுக்காதவர்களுக்கே மாதவிடாய் திரும்ப வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரமாகும். வழக்கமாகக் கருமுட்டை வெளிவந்த பிறகுதான் மாதவிடாய், கருமுட்டையோ பிரசவமான மூன்று, நான்கு வாரத்துக்கு முன் வெளிவருவது அபூர்வம். அப்படியானால் பதினெட்டாம் நாள் கொட்டுவது மாதவிடாய் இல்லை. முழுசாகப் பால் கொடுப்பவருக்கு இன்னும் பல மாதம் தள்ளிப்போகலாம். மூன்றாம் வாரத்தில் யாராவது "மாதவிடாய் வந்துவிட்டது" என்றால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, பேடை மாற்றிய நேரத்தைக் கேளுங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் போல. கருப்பைத் தொற்று பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 38 டிகிரி, அதாவது பாரன்ஹீட்டில் 100.4-க்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றில் தொட்டால் வலி, முகம் சுளிக்க வைக்கும் நாற்றம், இவற்றில் எது இருந்தாலும் இரத்தம் குறைவாகவே போனாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்குக் கர்ப்பத்தில் உறையும் சக்தி சற்று கூடியிருந்து, பிரசவத்துக்குப் பின் இறங்கும்; அதனால் வாரங்கள் கழித்தும் கொட்டலாம். சிறு வயதிலிருந்தே மாதவிடாயோ மூக்கில் இரத்தமோ அதிகமாக வந்ததுண்டு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, நேரம் எழுதிய தாள், நனைந்த பேடுகளை ஒரு பையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வந்தால் கழித்துவிட்டுப் படுங்கள், நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையைச் சுருங்கவிடாது. தாயைத் தனியாக விடாதீர்கள், நடக்க வைக்காதீர்கள், அவரையே வண்டி ஓட்டவும் விடாதீர்கள். பன்னிரண்டு வாரம் வரை இப்படிக் கொட்டினால் பிரசவத்தோடு சம்பந்தப்பட்டதாகத்தான் பார்ப்பார்கள். அதனால் குழந்தை பிறந்து எத்தனை நாளாகிறது என்பதை உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்லுங்கள். வணக்கம்.