திருவாதிரை ஏன் சிவப்பு, ரீகல் ஏன் நீலம்?

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் இருக்கும் நமக்கு வானம் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. மார்கழித் திருவாதிரைக்குப் பெயர் தந்த நட்சத்திரம் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலேயே கடந்து போகும். பொங்கல் சமயத்தில் இரவு பத்தரை மணிவாக்கில், மாசி பிறந்துவிட்டால் எட்டரைக்கே. மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாக, ஒரே வரிசையில் நிற்கும். அவற்றுக்கு வடக்கே இருப்பது திருவாதிரை. அதே தூரம் தெற்கே போனால் ரீகல். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். திருவாதிரை செம்மஞ்சளாக, ரீகல் வெளிர்நீலமாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். புள்ளி சிறு வட்டமாக விரியும்போது நிறம் பளிச்சென்று பிடிபடும்.

இந்த நிறத்தைத் தருவது சூடு. நட்சத்திரத்தின் மேற்பரப்பு எவ்வளவு சூடோ அதற்கேற்ற நிறம். அவ்வளவுதான் விஷயம், ஆனால் இதை நம்புவதற்குக் கொல்லுப்பட்டறைக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

பட்டறைகள் எப்போதும் கொஞ்சம் இருட்டாகவே இருக்கும், கவனித்திருப்பீர்கள். வெயில் உள்ளே அடித்தால் இரும்பின் நிறம் ஆசாரிக்குத் தெரியாது. அவருக்குத் தெர்மாமீட்டர் கிடையாது, நிறம்தான் கணக்கு. துருத்தி ஊத ஊத, கறுப்பாக இருந்த இரும்பு முதலில் மங்கிய சிவப்பாகும். அப்புறம் நல்ல சிவப்பு, ஆரஞ்சு, அதற்கும் மேலே மஞ்சள். அரிவாளின் விளிம்பு எந்த நிறத்துக்கு வந்ததும் எடுத்துத் தண்ணீரில் முக்குவது என்பது அவர் கண்ணுக்குப் பாடம். அந்த ஆசாரி இரும்பைப் படிப்பது போலத்தான் வானியலாளர்கள் நட்சத்திரத்தைப் படிக்கிறார்கள்.

ஆனால் நீல இரும்பை எந்த ஆசாரியும் உலையில் பார்த்திருக்க மாட்டார். அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே, 1,538 டிகிரி செல்சியஸில், இரும்பு உருகி ஓடிவிடும். திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின். நம் சூரியன் 5,770-ஐ ஒட்டி. ரீகல் 12,000 அளவில். குளிர்ந்தது சிவப்பு, கொதிப்பது நீலம். குளியலறைக் குழாயில் சிவப்புக் குறி வெந்நீர், நீலக் குறி தண்ணீர். வானத்தில் அது தலைகீழ்.

பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "எங்க வீட்டு கேஸ் அடுப்பு நீலமாத்தானே எரியுது, அது சூரியனைவிடச் சூடா?" நல்ல கேள்வி. இல்லை, அடுப்புத் தீ சுமார் 2,000 டிகிரிதான். அந்த நீலம் சூட்டினால் வருவதல்ல. எரியும் வாயுவில் உண்டாகும் சில மூலக்கூறுகள் தமக்கென்று உமிழும் நிறம் அது. சூடேறிய இரும்பு, சூரியன் போன்ற அடர்த்தியானவற்றுக்குத்தான் நம் விதி. இவை எல்லா நிறங்களையும் சேர்த்தே உமிழும். சூடு ஏற ஏற, அந்தக் கலவையின் உச்சம் சிவப்புப் பக்கத்திலிருந்து நீலப் பக்கம் நகரும். 1893-இல் ஜெர்மன் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வீன் கண்ட விதி இது. சூடு இரண்டு மடங்கானால் உச்சத்தின் அலைநீளம் பாதியாகும்.

அப்படியானால் நடுவில் பச்சை வர வேண்டுமே? சூரியனின் உச்சம் பச்சையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அதன் இருபுறமும் சிவப்பும் நீலமும் தாராளமாக வருவதால், எல்லாம் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகிவிடுகிறது. பச்சை நட்சத்திரம் என்று ஒன்று இல்லாததற்குக் காரணம் இதுதான். சூரியன் மஞ்சளாகத் தெரிவதும் நம் காற்று மண்டலத்தின் வேலை. விண்வெளியிலிருந்து பார்த்தால் அது வெள்ளை.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்தது. நீல நட்சத்திரம் சிவப்பு ஒளியைக் குறைத்துக்கொள்வதில்லை. ஒரு சதுர அடிக்கு ஒரு சதுர அடி வைத்துப் பார்த்தால், ரீகல் திருவாதிரையைவிடச் சிவப்பையும் அதிகமாகவே கொட்டுகிறது, நீலத்தை அதைவிடப் பல மடங்கு. மொத்த ஒளியில் வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் வானத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசமாகத் தெரிகின்றனவே, எப்படி? இரண்டும் நம்மிடமிருந்து பல நூறு ஒளியாண்டு தொலைவு. திருவாதிரை ஒன்றும் பக்கத்து வீட்டில் இல்லை. அப்படியானால் அதன் உடம்பு மிகப் பெரிதாக இருந்தாக வேண்டும். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். நிறத்தைப் பார்த்துச் சூடு, சூட்டை வைத்துப் பருமன். இப்படித்தான் கணக்கு போகிறது.

நேரம் நெருங்கிவிட்டது, தூசியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவந்து தெரிவதெல்லாம் குளிர்ந்ததல்ல. நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூசி நீலத்தைச் சிதறடித்து, சூடான நட்சத்திரத்தையும் சிவப்பாகக் காட்டிவிடும். அப்போது வானியலாளர்கள் நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அந்த நிறமாலையில் தெரியும் கருங்கோடுகளை வைத்துச் சூட்டைக் கணிப்பார்கள். தூசி நிறத்தை மாற்றும், எந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதை மாற்றாது. வெறும் கண்ணால் பார்ப்பவர்களுக்கு அடிவானமும் இதே குழப்பத்தைச் செய்யும். அதனால் உதிக்கும்போது நிறம் பார்க்காதீர்கள், உச்சிக்கு ஏறட்டும். வணக்கம்.