மூணு மடங்கு வித்தும் கைக்காசு போச்சு! பூஸ்ட் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே, கடலூர்லேர்ந்து உங்க அக்கா. இன்னிக்கு கொஞ்சம் கடுப்புலதான் பேசுறேன். பண்ருட்டியில முந்திரி விக்கிற தங்கச்சி ஒண்ணு, "அக்கா, ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் பூஸ்ட் பண்ணேன், மூவாயிரத்துக்கு வித்துச்சு, ரோஆஸ் மூணு!"ன்னு சந்தோஷமா மெசேஜ் போட்டிருக்கா. விளம்பரத்துக்குப் போட்ட காசைப் போல எத்தனை மடங்குக்கு வித்துச்சுங்கிறதுதான் இந்த ரோஆஸ். மூணு வந்தா லாபம்னு எவன்தான் கிளப்பி விடறானோ, கேட்டாலே எனக்கு எரியுது.

வாங்க, என் வழக்கமான நோட்டைத் திறப்போம். அரை கிலோ பாக்கெட் 600 ரூபாய், டெலிவரி ஃப்ரீ. பருப்பு 400, பவுச்சும் அட்டைப்பெட்டியும் 22, கூரியர் 64, பேமெண்ட் லிங்க் கமிஷன் 14. மிச்சம் நூறே ரூபாய். 600-ஐ நூறால வகுத்தா ஆறு. ஆறு மடங்கு வித்தாத்தான் அசலே தேறும்.

அந்த கூரியர் 64 இருக்கே, அதை விடவே மாட்டேன். பருப்பு 500 கிராம், பெட்டியோட எடை போட்டா 560. அரை கிலோவைத் தாண்டினதும் அடுத்த ஸ்லாப் ரேட்டைப் போட்டுடறாங்க. வெறும் 60 கிராம் அட்டைக்காக! பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு, 450 கிராமை கூரியர் கவர்ல போடச் சொன்னேன். கூரியர் 42 ஆயிடுச்சு. விலை 560 வச்சா, பருப்பு 360, கவர், பவுச் பழைய 22-லயே வச்சுக்குவோம், கமிஷன் 13, மிச்சம் 123. ஆறு மடங்கு நாலரைக்கு இறங்கிடுச்சு பாருங்க! ஃப்ரீ டெலிவரின்னு போடறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஆனா போட்டே ஆகணும்னா எடையைப் பாத்துப் போடுங்க.

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன். விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஸ்க்ரீன்ல ஆயிரம்னு காட்டும், கையை விட்டுப் போறது 1,180. ஜிஎஸ்டி பதிவு இருந்தா அதைக் கணக்குல கழிச்சுக்கலாம், தங்கச்சிக்குப் பதிவு இல்ல. அப்போ நாலரை போதாது, அஞ்சே காலுக்கு மேல போகணும். அவ பழைய கணக்கையே பாருங்க: அஞ்சு ஆர்டர், ஆளுக்கு நூறுன்னா ஐநூறு. விளம்பரம் 1,180. கையிலேர்ந்து போனது 680 ரூபாய்.

இன்னொண்ணு. ஆர்டர் வாட்ஸ்அப்ல வர்றதால ஸ்க்ரீன்ல ரோஆஸே வராது, ஒரு சாட்டுக்கு எவ்வளவு செலவுன்னுதான் வரும். அவளுக்கு இருபது பேர் பேசினாங்க, அஞ்சு பேர் வாங்கினாங்க, நாலுக்கு ஒண்ணு. புது பாக்கெட்ல ஒரு ஆர்டருக்கு விளம்பரத்துக்குக் கொடுக்க முடிஞ்சது, 123-ஐ 1.18-ஆல வகுத்தா, வரி போக 104. அதை நாலால வகுத்தா 26. அவ ஒரு சாட்டுக்குக் கொடுத்தது 50!

அதனால இப்போதைக்கு பூஸ்ட் வேணாம்னுட்டேன். மறுபடி போட்டா, இருபது சாட் வந்ததும் பாக்கணும். ஒரு சாட் 26-ஐத் தாண்டிச்சுன்னா அன்னிக்கே நிறுத்திடணும். பழைய கஸ்டமர் திரும்ப வாங்குவாங்கன்னு சொல்றீங்களா? யார் திரும்ப வாங்கினாங்கன்னு நோட்டுல எழுதி வச்சிருந்தா மட்டும் அதைக் கணக்குல சேருங்க. உங்க பொருளோட விலையையும் மிச்சத்தையும் கமெண்ட்ல போடுங்க, நானே வகுத்துச் சொல்றேன்.