கலாஹ்ல கடைசிக் காயை ஸ்டோர்ல எறக்குறது எப்படி?

கேள்வி: "சார், கலாஹ்ல கடைசிக் காய் என் ஸ்டோர்ல விழுந்தா இன்னொரு ஆட்டம் கிடைக்கும்னு தெரியும், ஆனா எந்தக் குழிய எடுத்தா விழும்னு ஒவ்வொரு தடவையும் எண்ணிட்டே இருக்கேன். சுலபமா வழி இருக்கா?"

இருக்குங்க. கலாஹ் பல்லாங்குழி மாதிரி ஒரு ஆட்டம், ஆளுக்கு ஆறு குழி, வலது கடைசியில ஜெயிச்ச காய் சேர்ற பெரிய குழிதான் ஸ்டோர், ஒரு குழிக் காய அள்ளி அடுத்தடுத்து ஒவ்வொண்ணா போட்டுட்டுப் போகணும். குழிக்கு ஸ்டோர்லருந்து நம்பர் போடுங்க. ஸ்டோருக்குப் பக்கத்துக் குழி 1, அதுக்கு அடுத்தது 2, இப்படியே இடது கடைசி 6. குழியோட நம்பரும் உள்ள இருக்குற காயும் ஒண்ணா இருந்தா கடைசிக் காய் ஸ்டோர்லதான். ஆரம்பத்துல குழிக்கு 4 காய் வச்சு ஆடுறோம் இல்லையா, அப்ப 4ஆம் குழிய எடுத்தா உடனே இன்னொரு ஆட்டம், அதனாலதான் பலபேர் அதுலயே ஆரம்பிக்கிறாங்க.

பல்லாங்குழி ஆடிப் பழகினவங்களுக்கு கை தானா அடுத்த குழிய அள்ளப் போகும், இங்க அது கிடையாது, கடைசிக் காய் விழுந்த இடத்துலயே நின்னுடும்.

போன வீடியோலயும் சொன்னேன், திரும்பவும் சொல்றேன், ரெண்டு மூணு குழி ரெடியா இருந்தா பக்கத்துக் குழியத்தான் முதல்ல எடுக்கணும். 1ல 1, 2ல 2, 3ல 3 இருக்குன்னு வைங்க. ஆசையில 3ஐ எடுத்தீங்கன்னா 2ல 3 காய் ஆயிடும், 1ல 2 ஆயிடும், ரெண்டுமே கெட்டுப்போச்சு, ஸ்டோருக்கு வந்தது ஒண்ணுதான். அதுக்குப் பதிலா 1ஐ எடுங்க, அப்புறம் 2, அது 1ல ஒரு காய் போட்டிருக்கும், அதை எடுங்க, அப்புறம் 3, திரும்ப 1. அஞ்சு காய் ஸ்டோர்ல வந்தாச்சு, இன்னும் உங்க ஆட்டம்தான்! மிச்சம் 2ல ஒரு காய், அத நகத்தினா காலியா இருக்குற 1ல விழும், எதிர்ல எதிராளி குழியில காய் இருந்தா அதையும் அள்ளிக்கலாம்.

ஆனா நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேறங்க, அந்த மாதிரி அமைப்பை எப்படி உண்டாக்குறது? பின்னாலருந்து யோசிங்க. எல்லாம் காலியா இருக்குற நிலையிலருந்து ஆரம்பிச்சு, ஸ்டோர்லருந்து ஒரு காய திரும்ப எடுக்குறோம். ஸ்டோருக்குப் பக்கத்துல முதல் காலிக் குழி எதுவோ, அதுக்கு முன்னாடி இருக்குற ஒவ்வொரு குழியிலருந்தும் ஒண்ணு, ஸ்டோர்லருந்து ஒண்ணு, எல்லாத்தையும் அந்தக் காலிக் குழியில போடுங்க. முதல்ல 1ல ஒண்ணு வரும். அடுத்து 2ல ரெண்டு, 1 காலி. அடுத்து 1ல 1, 2ல 2. நாலு காய்னா 3ல 3, 2ல 1, 1 காலி. இப்படி வர்ற எந்த அமைப்பையும் ஒரே மூச்சுல முழுசா ஸ்டோர்ல கொட்டலாம். ஆட்டம் முடியுற நேரத்துல, காய் குறைஞ்ச பிறகு இது ரொம்ப உதவும். நடு ஆட்டத்துல எதிராளி காய் தூக்கி நம்ம பக்கம் விதைச்சார்னா 6ல இருந்து ஒவ்வொண்ணா எண்ணிக்கை ஏறி அமைப்பு உடைஞ்சுடும், அதனால அவர்கிட்ட ஸ்டோரத் தாண்டி வர்ற அளவுக்கு காய் உள்ள குழி இருக்கான்னு பாத்துட்டு கட்டுங்க.