பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், நண்பரே!

நடுவர் கேட்டது: "இளம் டாக்டர் இணையத்தில் பேரும் புகழும் சேர்ப்பதும் தொழில் தர்மமும் ஒத்துப்போகுமா?"

நடுவர் அவர்களே, போகும் என்கிறேன். எதிரணி நண்பர் 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நெறிமுறையைக் காட்டி, டாக்டர் விளம்பரமே செய்யக் கூடாது என்றார். பாதி சரி. ஆள் பிடிப்பதற்குத்தான் தடை. பொதுச் சுகாதாரம் பற்றித் தன் பெயரில் எழுதலாம், வானொலி, டிவி, இணையத்தில் பேசலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. பக்கம் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, அவர் அதைப் படிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மா, படிப்பு முடித்து இரண்டு வருஷம். சர்க்கரைக்காரர்களுக்காக ஒரு வீடியோ போட்டார். காலில் உணர்ச்சி மரத்துப்போனால் முள் குத்தினாலும் தெரியாது; அதனால் தினமும் தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், விரல் இடுக்கையும் விடாதீர்கள் என்றார். நல்ல விஷயம்தான். ஆனால் புண் எப்படி இருக்கும் என்று காட்ட, தான் பார்த்த நோயாளி ஒருவரின் காலையே படமெடுத்துச் சேர்த்துவிட்டார். முகம் இல்லை, பெயர் இல்லை. மெட்டியும் ஒரு பழைய தீக்காயத் தழும்பும் இருந்தன. இரண்டாம் நாளே ஒரு கமெண்ட்: "இது எங்க பெரியம்மா கால் மாதிரி இருக்கே!"

ஆளை அடையாளம் காட்டும் படத்தைச் சம்மதமில்லாமல் போடக் கூடாது என்பதும் அதே நெறிமுறைதான். வீடியோவை உடனே அழித்தார், அந்த அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு பாதம் வரைந்து மறுபடி எடுத்தார். கீழே பெயரும் பதிவு எண்ணும் மட்டும். கிளினிக் விலாசம் கிடையாது.

பார்வையாளர்கள் கூடியதும் இன்பாக்ஸ் ஓபி ஆகிவிட்டது. "சுகர் 280, என்ன மாத்திரை போடலாம்?" என்றார் ஒருவர். ஒரு எண்ணை வைத்து மாத்திரை சொல்ல முடியாது, உங்கள் டாக்டரைப் பாருங்கள். புண் கறுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ இன்றே போங்கள் என்று மட்டும் எழுதினார். பாதத்துக்கு க்ரீம் விற்கும் கம்பெனி ஒன்று பணத்தோடு வந்தது. அதற்கும் முடியாது என்றுவிட்டார்.

முன்வரிசை ஐயா, உங்கள் முழங்கால் வலிக்கு எந்த யூடியூப் டாக்டர் நல்லவர் என்று கேட்கிறீர்கள். ஐயா, இது பட்டிமன்றம்!

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் சமூக ஊடகத்துக்கும் சேர்த்து விதிகள் கொண்டுவந்தது. அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. விதி எதுவானாலும் ஒரு கேள்வி மிச்சம்: படுக்கையில் இருப்பவரிடம், ஊசி போடும் டாக்டரே "படம் போடட்டுமா?" என்றால், அவர் சொல்லும் "சரிம்மா" நிஜமான சம்மதமா? எனக்குத் தெரியவில்லை, எதிரணி சொல்லட்டும். சாக்பீஸ் பாதத்துக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.