சுற்றிவரும் பாதையும் மழைக்கால அறையும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பௌத்தக் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது அவற்றைக் கட்டுவித்த அரசர்களின் பெயர்கள்தான் முதலில் வரும். ஆனால் அந்தக் கட்டடங்களின் அளவையும் வாசலையும் வழியையும் தீர்மானித்தது பெரும்பாலும் இரண்டு தேவைகள். ஒன்று, வழிபட வந்தவர்கள் சுற்றி நடக்க வேண்டும். இன்னொன்று, பிக்குகள் மழை மூன்று மாதமும் ஒரே இடத்தில் தங்க வேண்டும். இன்றைய உரையில் இந்த இரண்டையும் பார்ப்போம்.

மத்தியப் பிரதேசத்தில் சாஞ்சி. அங்குள்ள பெரிய தூபி குவிமாட வடிவில் கட்டிய பௌத்த நினைவுச்சின்னம்; அதற்குள் நுழைய வாசலே கிடையாது. 1822ஆம் ஆண்டு ஜான்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி, உள்ளே ஏதாவது இருக்கும் என்று அந்தக் குவிமாடத்தை ஒரு பக்கமாக மேலிருந்து அடிவரை உடைத்துப் பார்த்தார். உள்ளே அறை எதுவும் இல்லை, திண்டாகக் கட்டிய கட்டுமானம்தான் இருந்தது. உடைத்த பக்கம் தாங்காமல் சரிந்தது, மேற்குத் தோரண வாசலும் சுற்று வேலியின் ஒரு பகுதியும் அதோடு விழுந்தன. பிறகு 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் அதைச் சீர்செய்தார்.

உள்ளே போக முடியாத கட்டடத்தில் வழிபாடு எப்படி நடக்கும்? சுற்றி நடந்துதான். ஆகவே தூபியை வடிவமைப்பது என்றால் அதைச் சுற்றியுள்ள நடைபாதையையும் சேர்த்து வடிவமைப்பதுதான். அசோகர் காலத்துச் செங்கல் தூபியை அடுத்த நூற்றாண்டில் கல்லால் போர்த்திப் பெரிதாக்கினார்கள். விட்டம் சுமார் 120 அடி ஆயிற்று. தரையில் ஒரு சுற்றுப்பாதை அமைந்தது. ஏறக்குறைய 16 அடி உயரத்தில், குவிமாடத்தின் இடுப்பைச் சுற்றி, இன்னொரு பாதை. அதற்கு ஏற, தெற்குப் பக்கத்தில் இருபுறமும் படிகள்.

வெளி வேலியின் நான்கு திசை வாசல்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. தோரணத்துக்குக் கீழே வந்து நின்றால் நேராக உள்ளே போக முடியாது. வேலி அந்த இடத்தில் மடிந்து குறுக்கே நிற்கும். பக்கவாட்டில் நுழைந்து, ஒரு திருப்பம் திரும்பித்தான் பாதைக்கு வர முடியும். வந்ததும் இடப்பக்கமாக நடக்கத் தொடங்கினால் வலத்தோள் தூபியின் பக்கம் இருக்கும். வலம் வருவது என்கிறோமே, அதுதான். கூட்டம் நான்கு வாசலிலும் வந்தாலும் எல்லோரும் ஒரே திசையில் சுழல்வதற்கு இந்த மடிப்பு உதவுகிறது. மேலிருந்து பார்த்தால் வேலியும் நான்கு மடிப்புகளும் சேர்ந்து சுவஸ்திக வடிவமாகத் தெரியும்.

அந்த வேலியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நிமிர்ந்த கல்தூண்கள், இரண்டு தூண்களுக்கு இடையே மூன்று மூன்று குறுக்குச் சட்டங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஓடும் மூடுகல். குறுக்குச் சட்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கண் வடிவில் இருக்கும், நடுவில் பருத்து மேலும் கீழும் கூர்ந்திருக்கும். தூணின் இரு பக்கமும் அதே வடிவத்தில் துளை. இது தச்சர் செய்யும் மரவேலி இணைப்பு, கல்லில் செய்தது. கல்லில் செய்யும்போது ஒரு சங்கடம் வரும். இரண்டு தூண்களையும் நட்டுவிட்டால் சட்டத்தை நடுவில் செருக முடியாது, மரம்போல வளைந்தும் கொடுக்காது. ஒரு தூணை நட்டு, அதன் துளைகளில் மூன்று சட்டங்களைப் பொருத்தி, அவற்றின் மறுமுனையில் அடுத்த தூணைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இப்படியே வட்டம் முழுக்க வர வேண்டும். ஒரு சட்டம் உடைந்துவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது எளிதல்ல.

இவ்வளவு சிரமமான முறையை ஏன் வைத்துக்கொண்டார்கள்? மரவேலி வழக்கம் ஒரு காரணம். நான் முக்கியமாக நினைப்பது வேறு: இந்த வேலி துண்டு துண்டாகக் கொடை பெறக்கூடியது. சாஞ்சியில் நூற்றுக்கணக்கான சிறு கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்ன ஊர்ப் பிக்குணியின் கொடை, இன்ன வணிகரின் மனைவியின் கொடை என்று ஒற்றை வரிதான். ஒருவர் ஒரு சட்டம், இன்னொருவர் ஒரு தூண். ஒரு குவிமாடத்தைப் பங்கு போட முடியாது, வேலியைப் போடலாம். உடைமை வைத்துக்கொள்ளக் கூடாத பிக்குகளும் பிக்குணிகளுமே அந்தப் பட்டியலில் நிறைய வருகிறார்கள் என்பது நம்மை யோசிக்க வைக்கும். தெற்குத் தோரணத்தில் விதிசா நகரத்துத் தந்தச் சிற்பிகள் தாங்களே செதுக்கியதாகப் பொறித்திருக்கிறார்கள். அங்குள்ள சிற்பங்களின் பொடி வேலைப்பாடு அந்தக் கையின் பழக்கம்தான்.

இனி மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போவோம். இங்கே தூபியை மலைக்குள் கொண்டுபோனார்கள். மகாராஷ்டிரத்தின் லோணாவாலா பக்கத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடும். திறந்தவெளியில் வலம் வர முடியாத ஊர். அப்படியானால் தூபியோடு சேர்த்து நடைபாதைக்கும் கூரை வேண்டும்.

அந்தப் பக்கத்துப் பாஜாவில் பாறையைக் குடைந்த கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் குகை ஒன்று இருக்கிறது. நீண்ட கூடம், பின்பக்கம் அரைவட்டம், அந்த அரைவட்டத்தின் நடுவில் தூபி. நம் ஊரில் தூங்கானை மாடம் என்பார்களே, அந்த வடிவம். மேலே கூரை வண்டிக்கூடு போல வளைந்திருக்கும். சுவரை ஒட்டினாற்போல 27 எண்கோணத் தூண்கள் வரிசையாகப் போய்த் தூபியின் பின்னால் வளைந்து திரும்புகின்றன. தூணுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்துதான் நடைபாதை. நடுக்கூடம் உட்காருபவர்களுக்கு.

இந்தத் தூண்கள் செங்குத்தாக நிற்கவில்லை, தலை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. மரக்கட்டடத்தில் அது தேவை. வளைந்த கூரை கால்களை வெளியே தள்ளும், சாய்த்து நட்டால் தாங்கும். மலைக்குள் தள்ளுவதற்குக் கூரையே இல்லை, எல்லாம் ஒரே பாறை. தேவை போன பிறகும் பழக்கம் தங்கியது. நட்டம் நடப்பவருக்கு: தூணின் கால் சுவர்ப்பக்கம் தள்ளியிருப்பதால், பாதை கால் படும் இடத்தில்தான் குறுகியிருக்கிறது.

சற்றுத் தொலைவிலேயே கார்லே. சுமார் 250 ஆண்டுகள் பிந்தியது. 124 அடி நீளம், 45 அடிக்குச் சற்று மேல் அகலம். தூண்கள் 37, எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. இங்கே மூன்று கதவுகள் வைத்தார்கள். நடுக்கதவு 25 அடி அகல நடுக்கூடத்துக்கு. பக்கக் கதவுகள் இரண்டும் இருபுறச் சந்துகளுக்கு, தூணின் கனத்தையும் சேர்த்தால் சந்து சுமார் 10 அடி. இடக்கதவில் நுழைந்தவர் தூபியின் பின்னால் சுற்றி வலக்கதவில் வெளியேறலாம். நடுவில் பிக்குகள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தால் இடைஞ்சல் இல்லை. பக்க வரிசைத் தூண்கள் ஒவ்வொரு பக்கமும் 15, அவற்றின் தலைகளில் யானைமேல் அமர்ந்த ஆண்களும் பெண்களும். தூபிக்குப் பின்னால் உள்ள 7 தூண்கள் வெறும் எண்கோணம். கூடத்திலிருந்து பார்ப்பவருக்கு அவை தெரியாது. நன்கொடையாளர்கள் தங்கள் பணத்தைப் பார்வை படும் இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். தேனுகாகடம் என்ற ஊரிலிருந்து வந்த யவனர்கள் உட்படப் பலர் இங்கே தனித்தனித் தூண்களைக் கொடுத்துப் பெயர் பொறித்திருக்கிறார்கள்.

குடைவது மேலிருந்து கீழே. முதலில் கூரை மட்டத்தில் பாறைக்குள் ஒரு சந்து போடுவார்கள். அதை அகலப்படுத்திக் கூரையை முழுதாக முடித்துவிடுவார்கள், ஏனென்றால் பிறகு அந்த உயரத்துக்கு எட்டாது. பிறகு தூண் வர வேண்டிய இடங்களைக் கட்டியாக விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கீழ்நோக்கி வெட்டிக்கொண்டு போவார்கள். வெட்டப்படாத பாறையே நின்று வேலை செய்யும் மேடை, சாரம் வேண்டாம். தரை கடைசியில்தான் கிடைக்கும். இந்த முறையின் ஆபத்து என்னவென்றால், வெட்டியதை ஒட்ட முடியாது. நடுவில் பாறையில் விரிசல் வந்தாலோ கொடை நின்றாலோ அப்படியே விட வேண்டியதுதான். மும்பைக்கு அருகில் கண்ஹேரியில் கார்லேயைப் பார்த்துத் தொடங்கிய கூடத்தில் சில தூண்கள் மட்டும் முழு வேலைப்பாடு பெற்றன, மற்றவை மொட்டை எண்கோணமாக நிற்கின்றன.

இப்போது பிக்குகளின் பக்கம். மழைக்காலத்தில் மூன்று மாதம் ஊர் ஊராகப் போகாமல் ஓரிடத்தில் தங்குவது அவர்கள் விதி. அதற்கான தங்குமிடமான விகாரையில் நடுவே ஒரு சதுரக் கூடம், மூன்று சுவர்களிலும் சிறு அறைகள். ஓர் அறை ஏறத்தாழ 7 முதல் 9 அடிச் சதுரம். ஓரமாகப் பாறையிலேயே விட்ட படுக்கைத் திண்ணை, விளக்குக்கு ஒரு மாடம், கதவுநிலை பொருந்தக் குழிகள். திண்ணை சொகுசுக்கு அல்ல. மழைநாளில் பாறைத்தரை கசியும், தரையில் படுக்க முடியாது.

அதே மழை போன பிறகு எட்டு மாதம் தண்ணீர்ப் பஞ்சம். அதனால் முற்றத்தின் ஓரத்திலேயே பாறையைக் குடைந்து தொட்டி அமைத்தார்கள். வாய் சிறிய சதுரம், மூடிக்கு விளிம்பு, உள்ளே விரிந்த குழி. கண்ஹேரியில் மலைச்சரிவில் வெட்டிய சிறு கால்வாய்கள், முகப்புக்கு மேல் வழியும் நீரைத் திருப்பித் தொட்டிக்குக் கொண்டுவருகின்றன. ஒரே வெட்டு முகப்பைக் காக்கிறது, குடிநீரையும் சேர்க்கிறது. கல்வெட்டுகளில் இந்தத் தொட்டிக்குப் ‘போடி’ என்று பெயர். குகையோடு போடியையும் சேர்த்துக் கொடையளித்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் கணக்கு ஒன்று நாசிக் குகைக் கல்வெட்டில் அப்படியே கிடைத்திருக்கிறது. அப்பகுதியை ஆண்ட அரசன் நகபானனின் மருமகன் உஷவதாதன் தன் குகைக்கு 3,000 காசுகள் கொடுத்தான். கையில் கொடுக்கவில்லை. 2,000 காசு ஒரு நெசவாளர் குழுவிடம், மாதம் நூற்றுக்கு 1 வட்டி. 1,000 காசு இன்னொரு நெசவாளர் குழுவிடம், மாதம் நூற்றுக்கு முக்கால். முதலைத் தொடக் கூடாது, வட்டி மட்டுமே. 2,000 காசுக்கு மாதம் 20, ஆண்டுக்கு 240. கல்வெட்டு சொல்கிறது: இந்தக் குகையில் மழைக்காலம் தங்கும் 20 பிக்குகளுக்கு ஆளுக்கு 12 காசு, துணிச்செலவுக்கு. இருபது பன்னிரண்டு 240. இந்தக் குகையில் எத்தனை பேர் தங்கலாம் என்பதை முடிவு செய்துகொண்டு, அதற்கு முதலீட்டைப் பொருத்தியிருக்கிறார்கள்.

விகாரையின் அமைப்பு பிறகு மாறியது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அஜந்தாவில் பின்சுவரின் நடு அறையைப் பெரிதாக்கிப் புத்தர் சிலை வைத்தார்கள். பிக்குகள் தூங்கும் கூடத்துக்குள்ளேயே வழிபாட்டிடம் வந்தது.

தூங்கானை வடிவமும் வண்டிக்கூட்டுக் கூரையும் நம் பக்கமும் வந்து சேர்ந்தன. மாமல்லபுரத்தில் கல் யானைக்குப் பக்கத்தில் நிற்கும் சகதேவ ரதத்தின் பின்பக்கம் அந்த அரைவட்டம்தான். கார்லே முகப்பின் குதிரைலாட வடிவச் சாளரம் அங்கே சிறுத்து, கூடு என்ற பெயரில் அலங்காரமாக வரிசையாக நிற்கிறது. வெளிச்சம் தரவேண்டிய வேலை அதற்கு இல்லை. ரதத்தின் உள்ளே சுற்றிவரும் பாதையும் இல்லை.

வணக்கம்.